இரண்டு கடிகாரங்கள் சந்தித்த இடம்: ஓக்லோவின் இயற்கை அணு உலை

"ஆப்பிரிக்காவில் கப்போன் நாட்டுச் சுரங்கத்தில் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணு உலை தானாக ஓடியது என்கிறார்கள். இன்று தோண்டி எடுக்கும் யுரேனியத் தாது தானாகப் பற்றிக்கொள்வதில்லையே, அன்று மட்டும் எப்படி? தண்ணீர் வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு? வெடிக்காமல் எப்படி நின்றது?"

அந்தச் சுரங்கத்தின் பெயர்தான் ஓக்லோ. விடையின் பாதி எளிய கணக்கில் இருக்கிறது. அதை முதலில் போட்டுவிடுவோம்.

யுரேனியத்தில் நமக்கு வேண்டியவை இரண்டு ஐசோடோப்புகள். யுரேனியம்-235 மெதுவான நியூட்ரான் பட்டாலே பிளக்கும். யுரேனியம்-238 அப்படிப் பிளக்காது, பெரும்பாலும் நியூட்ரானை விழுங்கிவிடும். இன்று பூமியில் அநேகமாக எங்கே தோண்டினாலும் 1000 யுரேனிய அணுக்களில் 7.2 மட்டுமே 235 வகை. மீதி கிட்டத்தட்ட எல்லாமே 238. இரண்டும் கதிரியக்கத்தால் தேய்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. 235-இல் பாதி சிதைய ஆகும் காலம், அதாவது அரைவாழ்வுக் காலம், 70.4 கோடி ஆண்டு. 238-க்கு அது 447 கோடி ஆண்டு.

200 கோடி ஆண்டு பின்னோக்கிப் போனால் 235 சுமார் 2.84 அரைவாழ்வுகளைக் கடக்கிறது. அதாவது இன்றைய 7.2 அணு அன்று 7.16 மடங்காக, ஏறத்தாழ 51.6 ஆக இருந்திருக்கும். இதே காலத்தில் 238 அரை அரைவாழ்வைக்கூடக் கடக்கவில்லை. இன்றைய 992.8 அன்று சுமார் 1354. ஆக 51.6-ஐ மொத்தமான 1405.6-ஆல் வகுத்தால் 3.67 சதவீதம். கூடங்குளம் உலையில் போடும் செறிவூட்டிய எரிபொருளும் இந்த அளவை ஒட்டியதுதான். இன்று ஆலை கட்டி, மையவிலக்குகளை வரிசையாகச் சுழலவிட்டு எட்டும் செறிவு அன்று நிலத்தில் சும்மா கிடந்தது.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு சிறு கணக்கு. ஒரு மெதுவான நியூட்ரானை யுரேனியம் விழுங்கினால், சராசரியாக எத்தனை புது நியூட்ரான் பிறக்கும்? இன்றைய 0.72 சதவீத யுரேனியத்தில் சுமார் 1.34. தொடர்வினை நிற்காமல் ஓட, ஒரு நியூட்ரானுக்குப் பதில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும். ஆக வீணாக்கக் கையில் இருப்பது 0.34 மட்டும். தண்ணீரின் ஹைட்ரஜன் கொஞ்சம் விழுங்கும், வேகம் குறைவதற்குள் 238 கொஞ்சம் விழுங்கும், விளிம்பு வழியாகக் கொஞ்சம் தப்பி ஓடும். அந்த 0.34 இவற்றுக்குப் போதாது. சாதாரண தண்ணீரை எந்த விகிதத்தில் கலந்தாலும் கணக்கு ஒன்றுக்குக் கீழேதான் நிற்கும். இயற்கை யுரேனியத்தையே எரிக்கும் கல்பாக்கம் மின் உலைகளில் நியூட்ரானை மிகக் குறைவாக விழுங்கும் கன நீரை ஊற்ற வேண்டியிருப்பது இதனால்தான். 3.67 சதவீதத்தில் அதே எண் 1.88 ஆகிறது. வீணாக்க 0.88 இருக்கிறது. சாதாரணத் தண்ணீர், களிமண், கொஞ்சம் அழுக்கு எல்லாவற்றையும் அது தாங்கும்.

அப்படியானால் இன்னும் பின்னால் போனால் இன்னும் எளிதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? பூமி பிறந்த காலத்தில் 235-இன் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அப்போது ஏன் ஊரெல்லாம் உலைகள் எரியவில்லை? ஓக்லோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கடந்துபோய்விடும் இடம் இது. என் பார்வையில் கதையின் சாவியும் இதுதான். செறிவு இருந்தால் மட்டும் போதாது, யுரேனியம் ஓரிடத்தில் குவிய வேண்டும். பாறையில் அது பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில்தான் பரவிக் கிடக்கிறது. அதைக் கூட்டிச் சேர்க்க வல்லது ஓடும் தண்ணீர். ஆனால் நான்கு எலக்ட்ரான் இழந்த நிலையில் உள்ள யுரேனியம் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆறு இழந்த நிலைக்கு ஏறினால்தான் கரைந்து ஓடும். அந்த நிலைக்கு உயர்த்த ஆக்ஸிஜன் வேண்டும். காற்றில் ஆக்ஸிஜன் குறிப்பிடத்தக்க அளவில் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான்.

ஆக இரண்டு கடிகாரங்கள் எதிரெதிராக ஓடின. ஒன்றில் 235-இன் பங்கு இறங்கிக்கொண்டே வந்தது. மற்றொன்றில் ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டே வந்தது. முன்பே என்றால் குவியல் இல்லை, பின்பு என்றால் செறிவு இல்லை. இரண்டும் ஒருசேரப் போதுமானதாக இருந்த இடைவெளியில் ஓக்லோ விழுந்தது.

இனி அந்த இடத்துக்கு வருவோம். கப்போனின் தென்கிழக்கில் பிரான்ஸ்வில் நகருக்கு அருகே அந்தச் சுரங்கம். அங்கே அடியில் மணற்கல்லும் கூழாங்கற்பாறையும், மேலே கரிமப்பொருள் நிறைந்த கரும் களிப்பாறையும் இருக்கின்றன. ஆக்ஸிஜன் கலந்த நிலத்தடி நீர் மணற்கல்லின் துளைகள் வழியாக யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. பாசி போன்ற உயிர்களின் மிச்சத்திலிருந்து உருவான எண்ணெயும் கரிமப்பொருளும் தேங்கியிருந்த இடத்தை எட்டியதும் நிலை மாறியது. கரிமம் யுரேனியத்தை மீண்டும் கரையாத நிலைக்கு இறக்கிவிட்டது. ஓடி வந்தது அங்கேயே யுரேனினைட் தாதுவாகப் படிந்தது. காபி வடிகட்டியில் தூள் தங்குவது போல, நீர் போய்க்கொண்டே இருந்தது, யுரேனியம் தங்கிக்கொண்டே இருந்தது. விரிசல் விழுந்த இடங்களில் இந்தப் படிவு மிகக் கெட்டியானது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பிளவில் பிறக்கும் நியூட்ரான் சுமார் 20 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு பாய்கிறது. அந்த வேகத்தில் அது 235-ஐப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 0.025 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறங்கினால் வாய்ப்பு ஏறத்தாழ 500 மடங்கு கூடுகிறது. இறக்குவது எப்படி? கனமான யுரேனிய அணுவில் மோதினால் நியூட்ரான் பந்து சுவரில் பட்டது போல வேகம் குறையாமல் திரும்பும். தன் எடையே கொண்ட ஹைட்ரஜனில் மோதினால் ஒரே மோதலில் பாதி ஆற்றலைக் கொடுத்துவிடும். சுமார் 18 மோதல் போதும். யுரேனியத்தை மட்டும் வைத்துச் செய்வதென்றால் இரண்டாயிரத்துக்கும் மேல் வேண்டும்.

மோதல்கள் சீக்கிரம் முடிவதில் இன்னொரு லாபமும் உண்டு. நியூட்ரான் வேகம் இறங்கும் வழியில் யுரேனியம்-238 வலை விரித்துக் காத்திருக்கிறது. குறிப்பாக 6.67 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய ஆற்றலில் அது நியூட்ரானைப் பேராசையோடு விழுங்கும். ஹைட்ரஜனில் பெரிய எட்டுகளாக இறங்கும் நியூட்ரான் அந்தக் குழியைப் பெரும்பாலும் தாண்டிவிடும். தண்ணீர் குறைந்தால் சின்னச் சின்ன எட்டுகளாக இறங்கி அதில் விழுந்துவிடும். தண்ணீர் மிக அதிகமானாலும் ஆபத்துதான். அப்போது ஹைட்ரஜனே நியூட்ரானை விழுங்கத் தொடங்கும், யுரேனிய அணுக்களும் ஒன்றுக்கொன்று தள்ளிப் போய்விடும். ஓக்லோவில் களிமண்ணின் கட்டமைப்பிலும் துளைகளிலும் இருந்த நீர் இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் அமைந்திருந்தது. சிலர் கற்பனை செய்வது போலக் குளத்தில் மூழ்கிய பாறை அல்ல அது. ஈரம் ஊறிய, கெட்டியான தாது.

இரண்டு நிபந்தனைகள் பாக்கி. ஒன்று பருமன். தாது அடுக்கு மெல்லிய தாள் போல இருந்தால் நியூட்ரான்கள் மேலும் கீழும் தப்பிவிடும். பிளவு நியூட்ரான் பயணம் செய்யும் தூரத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ அரை மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். செறிவான தாதுவில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் ஒப்பேறும். மற்றொன்று நச்சு. இங்கே நச்சு என்றால் நியூட்ரானைத் தின்னும் தனிமங்கள்: போரான், காடோலினியம், சமாரியம், லித்தியம் போன்றவை. கடல்நீரும் களிமண்ணும் பொதுவாகப் போரானைச் சுமந்து வருபவை. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தாதுப் படிவு பற்றாமல் போக இந்தத் தனிமங்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும். ஓக்லோவில் அவை போதுமான அளவு குறைவாக இருந்தன. உலை பற்றிய பிறகு இந்த நச்சுகள் நியூட்ரானை உண்டு தாமே தீர்ந்துபோயின. அதனால் 235 தேய்ந்த இழப்பு ஓரளவு ஈடானது.

பற்றிய பிறகு உலை தன் அடுப்பைத் தானே பெரிதாக்கிக்கொண்டது. வெப்பமான நீர் சுற்றியிருந்த மணலின் குவார்ட்ஸைக் கரைத்து வெளியே கொண்டுபோனது. மணல் போனதும் யுரேனியத்தின் பங்கு கூடியது, நடுவில் களிமண்ணும் அதன் நீரும் எஞ்சின. மணற்கல்லாக இருந்த இடம், களிமண் ஓட்டுக்குள் பொதிந்த யுரேனினைட் மையமாக மாறியது. தோண்டியவர்கள் கண்ட எரிந்த மண்டலங்கள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருந்தன. ஓக்லோவிலும் அதை ஒட்டிய ஒக்கெலோபொண்டோவிலுமாக ஏறத்தாழ 16 மண்டலங்கள். சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி பங்கொம்பே என்ற இடத்தில் இன்னொன்று.

வெடிக்காததற்குக் காரணமும் அதே தண்ணீர்தான். வெப்பம் ஏறினால் நீர் விரிகிறது, அடர்த்தி குறைகிறது, ஒரு பகுதி பாறைத் துளைகளிலிருந்து வெளியேறுகிறது. ஹைட்ரஜன் குறைந்ததும் நியூட்ரான்கள் வேகம் முழுதாகக் குறைவதற்குள் 238-இன் குழியில் விழுகின்றன. தொடர்வினை தளர்கிறது. பாறை ஆறியதும் நீர் மீண்டும் ஊறி வருகிறது, வினை மீண்டும் தொடங்குகிறது. இன்றைய நீர் உலைகளிலும் முதல் பாதுகாப்பு இந்தக் குணம்தான். அணுகுண்டுக்கு வேண்டியதோ முற்றிலும் வேறு. மிக உயர்ந்த செறிவுள்ள பொருளை, நீர் போன்ற தணிப்பான் இல்லாமல், கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறுகிய நேரத்தில் ஒன்றாக அழுத்த வேண்டும். நான்கு சதவீதத்துக்கும் குறைவான ஈரத் தாது அதற்கு வழியே தராது.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நடந்தது? அதையும் அளந்திருக்கிறார்கள், அதுவும் எந்தக் கடிகாரமும் இல்லாமல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் மெஷிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஓக்லோவின் 13-ஆம் மண்டலத்திலிருந்து வந்த துண்டில் அலுமினியம் பாஸ்பேட் மணிகளுக்குள் செனான் வாயு சிறைப்பட்டிருந்தது. பிளவில் செனான் நேரடியாகப் பிறப்பது குறைவு. டெல்லூரியம், அயோடின் வழியாகச் சிதைந்து வருவதே அதிகம். அந்த முன்னோடிகளின் ஆயுள் வெவ்வேறு. செனான்-136-க்கு முந்தைய அயோடின் ஒன்றரை நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். செனான்-132-க்கு முந்தைய டெல்லூரியம் பாதியாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். உலை சூடாக ஓடும்போது பிறந்த வாயு தங்காமல் தப்பிவிட்டது. அணைந்து ஆறிய பிறகு பிறந்தது மட்டும் மணிக்குள் மாட்டிக்கொண்டது. ஆகவே சீக்கிரம் பிறக்கும் 136 அங்கே குறைவு, தாமதமாகப் பிறக்கும் 132 அதிகம். இந்த ஏற்றத்தாழ்விலிருந்து அவர்கள் கணக்கிட்டது: சுமார் 30 நிமிடம் எரிதல், பிறகு குறைந்தது இரண்டரை மணி நேரம் அணைந்திருத்தல்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாளம் ஒரு மண்டலத்தின் ஒரு துண்டிலிருந்து கிடைத்தது. எல்லா மண்டலமும் வெந்நீர் ஊற்றுப் போலக் கொதித்து அடங்கியது என்று எழுதுவது மிகை. ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் இருந்த மண்டலங்களில் நீர் கொதிக்காமலே விரிந்து சுருங்கி, வினையைச் சீராகக் கட்டுப்படுத்தியிருக்க முடியும்.

சக்தி எவ்வளவு என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். சராசரியாக 100 கிலோவாட் அளவுக்கு மேல் இல்லை என்பதே மதிப்பீடு. ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் சுமார் ஒரு மெகாவாட் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும். ஆக நாளொன்றுக்கு எரிந்தது 0.1 கிராம். இப்படி ஒன்றரை லட்சம் ஆண்டு என்று பெருக்கினால் ஐந்தரை டன் வருகிறது. தாதுவில் காணாமற்போன 235-இலிருந்தும் எஞ்சிய பிளவுப் பொருள்களிலிருந்தும் கணிக்கும் அளவும் ஐந்து டன்னை ஒட்டியே இருக்கிறது.

இதெல்லாம் ஊகம் இல்லை என்று எப்படித் தெரியும்? 1972-இல் பிரான்சின் பியர்லாத் செறிவூட்டல் ஆலையில் வழக்கமான சோதனையில் 235-இன் பங்கு 0.7202 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 0.7171 வந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் யுரேனியக் கணக்கில் சின்ன வித்தியாசத்தையும் விட முடியாது, காணாமற்போவது குண்டுப் பொருள் அல்லவா. முதல் சந்தேகம் கலப்படம்: ஆலையின் கழிவு யுரேனியமோ, எரித்து முடித்த எரிபொருளோ கலந்துவிட்டதா? உலையில் எரிந்த எரிபொருளானால் யுரேனியம்-236 இருக்க வேண்டும். அது இல்லை. அதன் அரைவாழ்வுக் காலம் 2.3 கோடி ஆண்டு, ஆகவே 200 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானது என்றால் இன்று மிஞ்சியிருக்காது. சரக்கு வந்த வழியே பின்னோக்கிப் போனபோது குறைபாடு ஓக்லோ சுரங்கத்தில் போய் நின்றது. பின்னர் சில மாதிரிகளில் 0.44 சதவீதமும் அதற்குக் கீழும் கிடைத்தன.

உறுதியான சான்று நியோடைமியம் தந்தது. சாதாரணப் பாறையில் உள்ள நியோடைமியத்தில் 27 சதவீதம் 142 வகை. யுரேனியப் பிளவில் இந்த 142 உண்டாகவே முடியாது. அந்தச் சிதைவு வரிசை செரியம்-142-இலேயே நின்றுவிடும், அது அநேகமாக அசையாத அணு. ஓக்லோ மண்டலங்களின் நியோடைமியத்தில் 142 ஆறு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. அந்தச் சிறு பங்கு பாறையில் ஏற்கனவே இருந்ததன் கலப்பு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மற்ற ஐசோடோப்புகளின் விகிதம் உலை எரிபொருளின் பிளவு விகிதத்தோடு பொருந்தியது. பிரான்சின் அணுசக்தி ஆணையம் 1972 செப்டம்பரில் அறிவித்தது இதைத்தான். வேதியியலர் பால் குரோடா 1956-லேயே பழைய, செறிவான, ஈரமான தாதுவில் இப்படி நடக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அவர் சொன்ன நிபந்தனைகளும் ஓக்லோவில் கண்டவையும் பெரிதும் ஒத்துப்போயின.

இன்றைய தாது ஏன் பற்றாது என்பதற்குக் கனடாவின் சிகார் லேக் நல்ல உதாரணம். உலகின் மிகச் செறிவான யுரேனியப் படிவுகளில் ஒன்று, சுற்றிலும் களிமண், நீரும் உண்டு. ஆனால் அதன் வயது சுமார் 130 கோடி ஆண்டு. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் அது உருவானபோது 235-இன் பங்கு 2.1 சதவீதம். அந்த அளவில் மிகச் சுத்தமான, நச்சில்லாத, சரியான நீர் விகிதம் கொண்ட குவியலாக இருந்தால் மட்டுமே வாய்ப்பு. அங்கே 235 குறைந்ததற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை.